இருநூற்று ஐம்பத்தாறு வெள்ளை

ஞானஜோதியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செம்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு வரும் பால்காரர், அவள் முகத்தைப் பார்த்ததுமே படியை ஒரு தரம் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். பஸ்ஸில் சில்லறை வாங்கினால் ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்ப்பாள். மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட, உள்ளே இருப்பது நிஜமாகவே சாமியார்தானா என்று திரை இடுக்கில் பார்ப்பாள் என்று நான் கேலி செய்வேன். "நீ பார்க்க மாட்டியா தனம்?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள். வெட்கமே கிடையாது.

இந்த லட்சணத்தில் அவளுக்கு வேலை, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது. அந்த வேலைக்கு அந்தக் குணம் தேவைதான் போலிருக்கிறது. 1992-ல் மேற்கு தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி பிளாப்பியில் போட்டுக் கொடுப்போம். முதலாளி ராஜகோபால், சேலையூர் பக்கத்து நிலக்காரர். வயலை மனை போட்டு விற்றுவிட்டு, மைத்துனன் பேச்சைக் கேட்டு இதில் இறங்கியவர். நான் ஸ்கேனர் முன்னால் உட்காருவேன். ஞானஜோதி நிரல்களைப் பார்த்துக்கொள்வாள். பிளாப்பிப் பெட்டியை வாடிக்கையாளரிடம் கொண்டு போய்ச் சேர்க்க அந்தோணிசாமி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கியவர், இரும்புலியூர்க்காரர். முன்பு பல்லாவரத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் இருந்தவர். அங்கே ஒரு மூட்டை காணாமல் போனதும் இவரை நிறுத்திவிட்டார்கள். மூட்டை பிறகு கிடைத்ததா, யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. நின்றது இவர் வேலை மட்டும்தான்.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. முதலில் அவர்களுடைய சாதாரணத் தாள்களை ஏற்றிக் கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காகப் போனது. அதை நம்பித்தான் வரைபடங்களையும் எங்களிடம் கொடுத்தார்கள். அவை இரண்டு மடங்கு பெரிய தாள்கள். வரைபடங்கள் போக ஆரம்பித்த அதே சமயத்தில்தான் அந்தோணிசாமியும் வேலைக்கு வந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழம் தலையில் விழுந்தவன் காக்கையைத்தானே பார்ப்பான்?

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த கேசவன் போன் செய்தார். "படம் எல்லாம் துண்டு துண்டா வெட்டி, சரிச்சு வெச்ச மாதிரி வருது. ஒரு பட்டை இங்க இருக்கு, அடுத்த பட்டை வலது பக்கம் தள்ளிப் போயிருக்கு. கீழ்ப்பக்கம் படமே இல்ல."

எங்களிடம் இருந்த நகலைத் திறந்து பார்த்தோம். கல்வெட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. திரும்ப ஒரு பிளாப்பி போட்டு அனுப்பினோம். அங்கே மறுபடியும் அதே கோலம். இங்கிருந்து கிளம்பும்போது நன்றாக இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது கெட்டுப் போயிருக்கிறது. நடுவில் இருப்பது யார்?

இன்னொரு விஷயம்தான் எல்லோருக்கும் சந்தேகத்தை உறுதியாக்கியது. எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். எந்த பிளாப்பியாக இருந்தாலும் முதல் கோப்பு பிள்ளையார் படமாக இருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பிள்ளையார். அது ஒவ்வொரு தடவையும் அங்கே அழகாகத் திறந்தது. வரைபடங்களிலும் எல்லாம் கெடவில்லை. நெருக்கமாகக் கோடு போட்ட சில படங்கள் அப்படியே வந்தன. பிளாப்பி கெட்டுப்போயிருந்தால் இப்படிப் பொறுக்கி எடுத்துக் கெடுக்குமா?

"எவனோ வேணும்னே பண்றான்" என்றார் ராஜகோபால். "ஆனா பிள்ளையாரை மட்டும் தொட பயந்திருக்கான் பாரு."

"அந்தோணிசாமி அண்ணன் எதுக்கு சார் பிள்ளையாருக்குப் பயப்படப் போறாரு?" என்றேன்.

"கூட்டாளி பயந்திருப்பான்" என்றார். அவருக்கு எதற்கும் பதில் இருக்கும்.

அந்தக் கூட்டாளிக்கு ஆள் கண்டுபிடித்துச் சொன்னது ஞானஜோதி. குரோம்பேட்டையில் எங்களுக்குப் போட்டியாக ஒரு ஸ்கேனிங் ஆபீஸ் இருந்தது. தொழிற்சாலை வேலையைப் பிடிக்க அவர்களும் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தோணிசாமி பெட்டியை அங்கே கொண்டு போகிறார், அவர்கள் கோப்புகளைக் கலைத்துக் கொடுக்கிறார்கள் என்பது அவள் கட்டிய கதை. பார்சல் கம்பெனி விஷயத்தையும் எடுத்து வைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஆபீஸில் பழி போய் உட்கார்ந்த இடம், எப்போதும் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்.

ராஜகோபால் அவரைக் கூப்பிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டார். அந்தோணிசாமிக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சார் கேக்குற? பொட்டியத் தொறந்து கூட நான் பாத்ததில்ல. அதுக்குள்ள இன்னா கீதுன்னே எனக்குத் தெரியாது."

"இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கோ அந்தோணி. படம் ஒழுங்கா போய்ச் சேர்ந்தா அப்பறம் பேசலாம்."

அந்தோணிசாமி போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த வயதில், ஏற்கெனவே ஒரு கறை இருக்கும்போது, இன்னொரு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. எனக்கோ ஞானஜோதிமேல் கோபம் கோபமாக வந்தது.

"நீ நேர்ல பாத்தியா? சும்மா ஒரு மனுஷன் வயித்துல அடிக்கிறியே" என்று சண்டைக்குப் போனேன்.

"பாத்துட்டாப் போச்சு" என்றாள் அவள். அவள் சந்தேகத்தில் ஒரு நேர்மை இருந்தது. பாதியில் விடமாட்டாள்.

அடுத்த தடவை அவர் பெட்டியோடு கிளம்பியதும், நாங்கள் இருவரும் பின்னாலேயே கிளம்பினோம். செங்கல்பட்டு ரயிலில் அவர் ஏறிய பெட்டியிலேயே, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். ஞானஜோதி முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். வெயில் காலத்தில் அப்படிப் போர்த்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கைப்பையில் அதே கோப்புகளின் இன்னொரு நகல் வைத்திருந்தாள். காலையில் அவளே இரண்டையும் ஒன்றாகப் பதிந்தது.

அந்தோணிசாமி பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். வண்டலூரில் ஒரு கூட்டம் ஏறியது. ஒரு கிழவிக்கு எழுந்து இடம் கொடுத்தார். பெட்டியைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றார். கூடுவாஞ்சேரியில் இறங்குவார், அங்கே யாராவது காத்திருப்பார்கள் என்று ஞானஜோதி கிசுகிசுத்தாள். இறங்கவில்லை. பொத்தேரியில் இறங்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, எங்கேயும் நிற்காமல் நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போய், கேசவனின் கையில் பெட்டியைக் கொடுத்தார்.

அவர் திரும்பிப் போனதும் நாங்கள் உள்ளே போனோம். கேசவன் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். அவருக்கு எங்கள்மேலேயே சந்தேகம். ஒழுங்கில்லாத சரக்கை அனுப்பிவிட்டு ஆள்மேல் பழி போடுகிறோமோ என்று.

"இப்ப வந்த பிளாப்பியைப் போடுங்க சார்" என்றாள் ஞானஜோதி.

பிள்ளையார் வந்தார், ஜம்மென்று. அடுத்தது ஒரு வரைபடம். வெட்டிச் சரித்த பட்டைகள். ஞானஜோதியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்த பெட்டி அது.

கைப்பையிலிருந்த நகலை எடுத்தாள். இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிடும் கட்டளையைக் கேசவனையே போடச் சொன்னாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கரகரவென்று உறுமிவிட்டு, வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. வழியில் ஒரு பைட்கூட மாறவில்லை. அந்தோணிசாமி கொண்டு வந்தது, நாங்கள் கொடுத்தது எதுவோ அதுதான்.

"அப்ப உங்க நிரல்தான் சார் தப்பு" என்று உடனே கேசவன்மேல் பாய்ந்தாள். "நாங்க எங்க நிரல்ல பாத்தா சரியா வருது."

"இத்தனை நாள் உங்க தாள் எல்லாம் இதே நிரல்லதானேம்மா சரியா வந்தது?" என்றார் அவர். "நீங்க போன்ல சொன்னதுதான். முதல் பைட் எத்தனை, ரெண்டாவது பைட் எது. அத்தனை தடவை அதை எழுதணும். வேற என்ன இருக்கு?"

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் செய்த படம் என்பது கருப்பும் வெள்ளையுமான புள்ளிகள்தான். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட். பெரிய தாளை அப்படியே வைத்தால் ஒரு பிளாப்பிக்கு ஒரு படம்தான் கொள்ளும். ஆனால் வரைபடத்தில் பெரும்பாலும் வெள்ளைதான். ஒரு வரிசையில் தொடர்ந்து நாற்பது வெள்ளை பைட் வந்தால், நாற்பதையும் எழுதுவானேன்? 'நாற்பது, வெள்ளை' என்று இரண்டே பைட்டில் எழுதி வைக்கலாம். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குப் புதிதாக எண்ண ஆரம்பிக்க வேண்டும். விரிக்கும்போது எண்ணிக்கையைப் பார்த்து அத்தனை தடவை எழுதினால் பழைய படம் அப்படியே கிடைத்துவிடும். சுருக்கும் நிரலும் விரிக்கும் நிரலும் எங்கள் பக்கம் இரண்டுமே ஞானஜோதி எழுதியவை. தொழிற்சாலையில் விரிக்கும் நிரலைக் கேசவன் தானே எழுதிக்கொண்டார்.

அவருடைய நிரல், படத்தை விரித்து முடித்ததும் மொத்தம் எத்தனை பைட் வந்தது என்று திரையின் கீழே காட்டும். ஞானஜோதி அதைப் பார்த்தாள். வர வேண்டியதை அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிக் கண்டுபிடித்தாள். குறைகிற பைட்டுகளை ஒரு காகிதத்தில் வகுத்தாள். அடுத்த படத்தைப் போடச் சொன்னாள். அதற்கும் வகுத்தாள். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"என்னடி?" என்றேன்.

"எந்தப் படத்துல பாத்தாலும் குறையறது இருநூத்தி ஐம்பத்தாறு இருநூத்தி ஐம்பத்தாறாத்தான் குறையுது. மீதியே இல்ல. திருடன் இப்படி அளந்து எடுக்க மாட்டான் தனம்."

சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்தபோது அவள் சொன்னது கேசவனிடம்.

"உங்க நிரல்ல எண்ணிக்கை பூஜ்யம்னு வந்தா என்ன ஆகும்?"

"பூஜ்யம்னா பூஜ்யம்தான். ஒண்ணும் எழுதாது."

"என்னுதுல இருநூத்தி ஐம்பத்தாறு எழுதும்" என்றாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பவள் அல்லவா அவள்! ஒரு பைட்டில் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எழுதலாம். எதையும் பூஜ்யம் தடவை எழுதச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. அந்த இடம் சும்மா கிடக்கிறதே என்று, இருநூற்று ஐம்பத்தாறு வந்தால் அங்கே பூஜ்யம் போட்டு வைத்திருந்தாள். போனில் கேசவனிடம் அதை மட்டும் சொல்லவில்லை. அவளுடைய விரிக்கும் நிரல் முதலில் ஒரு தடவை எழுதும், பிறகு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும், பிறகுதான் முடிந்ததா என்று பார்க்கும். பூஜ்யத்தில் ஒன்று குறைத்தால் அந்த ஒற்றை பைட் சுற்றிக்கொண்டு இருநூற்று ஐம்பத்தைந்தாகிவிடும். அது தீரும் வரை எழுதினால் மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. கணக்கு சரியாக வந்துவிடும். கேசவனின் நிரலோ முதலில் பார்க்கும், பிறகுதான் எழுதும். பூஜ்யத்தைப் பார்த்ததும் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடும். இருநூற்று ஐம்பத்தாறு வெள்ளை மாயம். அதன் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறி, சரிந்து விழும்.

இத்தனை மாதம் இது ஏன் வெளியே வரவில்லை? சின்னத் தாளின் ஒரு வரிசையே இருநூற்றுச் சொச்சம் பைட்தான். இருநூற்று ஐம்பத்தாறு வெள்ளைக்கு அதில் இடமே இல்லை. பிள்ளையார் இன்னும் ஒல்லி. வரைபடத்தில்தான் வரிசைக்கு இருநூற்று எழுபதுக்கு மேல். நெருக்கமாக வரைந்த படத்தில் நடுவே ஏதாவது ஒரு கோடு குறுக்கிட்டு வெள்ளையை வெட்டிவிடும், அதனால் தப்பித்தது. காலியான வரிசை வந்த படங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன. இங்கே பார்த்தபோது சரியாகத் தெரிந்ததற்கும் காரணம் இதுதான். ஞானஜோதி தன் சுருக்கலைத் தன் விரிப்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்காரரைச் சந்தேகப்பட்டவள், நாலணாவைத் திருப்பிப் பார்த்தவள், தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

நாங்கள் தாம்பரம் வந்து ராஜகோபாலிடம் சொன்னோம். அவர் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டியா? அதோட விடு. தப்பு நம்மளுதுன்னு தெரிஞ்சா வேலையைக் குரோம்பேட்டைக்குக் கொடுத்துருவான். ஆளை மாத்திட்டோம், இனிமே வராதுன்னு சொல்லிக்கலாம். அந்தோணிக்கு வேணும்னா ஒரு மாசச் சம்பளம் சேர்த்துக் கொடுத்துரலாம்."

ஞானஜோதி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்து அவளும் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் தொழிற்சாலையின் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். ராஜகோபால் வெள்ளைச் சட்டையில் வந்தார். "ஆளை மாத்தறோம் சார்" என்று ஆரம்பித்தார். ஞானஜோதி நடுவில் எழுந்துவிட்டாள்.

"ஆள்மேல தப்பு இல்ல சார். நிரல்ல தப்பு. அதை எழுதினது நான்."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஆளைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகமே அவளைப் போல ஆகிவிட்டது! அவள் அசரவில்லை. தன் பழைய சுருக்கும் நிரலைக் கேசவனிடம் கொடுத்து, இந்த அறையை விட்டு எதுவும் வெளியே போகாமல் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரே வரிசை, வெறும் வெள்ளை. கேசவனே தன் கையால் செய்தார். இருநூற்று ஐம்பத்தைந்து கொடுத்தார், அத்தனையும் திரும்பி வந்தது. இருநூற்று ஐம்பத்தாறு கொடுத்தார். ஒன்றுமே வரவில்லை. ஒன்றைக் கூட்டினார். ஒரே ஒரு பைட் வந்தது. மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு திருத்திய நிரலைப் போட்டாள். இதில் எந்த எண்ணிக்கையும் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டாது. ஆயிரம் வெள்ளை வந்தாலும் மூன்று இருநூற்று ஐம்பத்தைந்து, மீதி இருநூற்று முப்பத்தைந்து என்று பிரித்து எழுதும். எவ்வளவு நீளமாக வந்தாலும் துண்டு போட்டுக்கொள்ளும். பூஜ்யம் என்பதே கோப்பில் வராது. மீறி வந்தால் விரிக்கும் நிரல் பேசாமல் போகக்கூடாது, நின்று தப்பு என்று கத்த வேண்டும் என்று கேசவனின் நிரலிலும் மாற்றச் சொன்னாள். மேனேஜர் வேலையை எங்களிடமே விட்டுவைத்தார். ஆனால் ஒவ்வொரு பிளாப்பியையும் தங்கள் நிரலில் விரித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவோம் என்றார். ராஜகோபால் அன்று முழுக்க ஞானஜோதியோடு பேசவில்லை. அந்தோணியே பெட்டி கொண்டு போகட்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நாங்கள் நேராக இரும்புலியூர் போனோம். அந்தோணிசாமி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வமேரி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஞானஜோதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரயிலில் பின்னால் வந்ததையும் மறைக்கவில்லை. முதலில் அவர் பெயரைச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். "மன்னிச்சிருங்கண்ணா. நீங்க எதுவும் பண்ணல. எப்பவும் போல வேலைக்கு வாங்க."

அவர் பம்பைக் கீழே வைத்தார்.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லிகினு கீற? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தோ, அவகிட்ட சொல்லு."

உள்ளே செல்வமேரியின் கை நின்றுவிட்டது.

"அன்னிலேந்து நான் வூட்டுக்கு வந்தா என் சட்டைப் பையைத் தடவிப் பாக்குறாம்மா. தூங்குறேன்னு நெனச்சுகினு பாக்குறா. பல்லாவரத்துலயும் நான்தான் எடுத்தேனோன்னு இப்ப அவளுக்கு சந்தேகம். இருவது வருசம் குடும்பம் நடத்துனவ."

ஞானஜோதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பைட், பூஜ்யம், வெள்ளை என்று என்னவெல்லாமோ சொன்னாள். செல்வமேரி முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பொம்பளைகள் சேர்ந்து வந்து ஏதோ கதை சொல்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம்.

கடைசியில் அவளே கேட்டாள். "எனக்கு அதெல்லாம் வெளங்காதுக்கா. தப்பு யாருது? அத்த மட்டும் சொல்லு."

"என்னுது" என்றாள் ஞானஜோதி. "முழுக்க என்னுது."

செல்வமேரி, மடித்து வைத்திருந்த அடுக்கிலிருந்து புருஷனுடைய சட்டையை எடுத்தாள். அதன் பையை, யாரும் சொல்லாமலே, வெளியே இழுத்து விட்டு, மறுபடி உள்ளே தள்ளி, கையால் நீவி விட்டாள். நீவிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அந்தோணிசாமி வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து அவள் கையிலிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.